நான்காவது இடம்

ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

மகளின் பள்ளிச் சட்டையில் மேல் பட்டன் அறுந்திருந்தது. நூலின் நுனியை எச்சிலில் நனைத்து, விரல்களுக்கிடையே உருட்டிக் கூராக்கி, ஊசிக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோவேன். கடைசி நொடியில் கை தன்பாட்டுக்கு ஒரு ஆட்டம் ஆடும். நூல் காதை உரசிக்கொண்டு விலகிப் போகும். ஏழெட்டுத் தடவை ஆகிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த என் தங்கை, மடிப்பதை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுக்கா" என்று வாங்கி, ஒரே தடவையில் கோத்து முடிச்சும் போட்டாள். "சுகர் பாத்தியா? தைராய்டு பாத்தியா?"

"தூக்கமில்ல. அவ்வளவுதான்."

தூக்கமில்லை, தலைவலி, பிரஷர் இறங்கிவிட்டது, மாதவிலக்கு நேரம். இந்த நான்கையும் மாற்றி மாற்றிச் சொல்லி நான்கு வருடம் ஓட்டிவிட்டேன். யாரும் மறுகேள்வி கேட்டதில்லை.

நேற்று மாலை ஆறு மணிக்குக் கடைசியாகக் குடித்தேன். ஏழு மணிக்குத் தங்கை வந்து இறங்கினாள். ஒரு வாரம் இருப்பதாகச் சொல்லியிருந்தாள். இரவு என் பக்கத்தில்தான் படுத்தாள். காலையில் சமையலறையில் என்னோடு நின்றாள். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்றுகூடப் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்மேல் அவ்வளவு பிரியம். இப்போது மணி பன்னிரண்டு. பதினெட்டு மணி நேரம். கழுத்தடியில் வியர்வை ஊறிக்கொண்டே இருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. அடுத்த அறையில், சலவை இயந்திரத்துக்குப் பின்னால், பழைய துண்டில் சுற்றிய பாட்டில் ஒன்று இருந்தது. அவள் பேசியது எதுவும் காதில் விழவில்லை. அந்தத் துண்டின் நிறம் மட்டும்தான் மனதில் நின்றது.

துண்டில் சுற்றுவது சத்தத்துக்காக. கண்ணாடி கண்ணாடியில் இடிக்கும் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும் என்பது மறைத்துக் குடிக்கிறவர்களுக்குத்தான் தெரியும். தரை துடைக்கும் திரவ டப்பா ஒன்றைக் கழுவிக் காயவைத்து அதில் கொஞ்சம் ஊற்றி வைத்திருந்தேன். காலி பாட்டில்கள் பெரிய நாப்கின் பாக்கெட்டுக்குள். அந்தப் பாக்கெட்டை இந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் தொடமாட்டார்கள். மூளை இதிலெல்லாம் எவ்வளவு வேலை செய்தது என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. அந்தப் புத்தியை வைத்து ஒரு தொழிலே நடத்தியிருக்கலாம்.

ஆரம்பம் சின்னதுதான். விருந்தினருக்காக என் கணவர் அலமாரியில் வைத்திருந்த பாட்டிலிலிருந்து, ஒருநாள் முற்பகல், ஒரு மூடி. எல்லாரும் கிளம்பிப் போனபின் வீடு அப்படியே உறைந்து நிற்கும் பதினொரு மணி வேளை அது. முதல் மடக்கு இறங்கியதும் தோள் இரண்டும் தளர்ந்தன. அவ்வளவு நாளும் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். அப்புறம் நானே வாங்க ஆரம்பித்தேன், தெரிந்தவர்கள் கண்ணில் படாத தூரத்துக்குப் போய். வோட்காவுக்கு வாசனை வராது என்று எங்கோ கேட்டு அதற்கு மாறினேன். வரும். குடித்தவள் மூக்குக்குத்தான் தெரியாது.

"அக்கா, எங்கிட்ட எதையாவது மறைக்கிறியா?"

பட்டனைத் தைத்தபடி, தலை நிமிராமல் கேட்டாள்.

எங்கள் அப்பா குடித்தார். ஊருக்கே தெரியக் குடித்தார். தள்ளாடி வருவார், அம்மா திட்டுவாள், அக்கம்பக்கத்தார் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விடுவார்கள், காலையில் எல்லாரும் ஆளுக்கொரு புத்தி சொல்லுவார்கள். அந்த ராத்திரிகளில் இவளைப் போர்வைக்குள் இழுத்து, காதைப் பொத்தி, கதை சொல்லித் தூங்க வைத்தவள் நான். இவளுக்கு அப்போது ஆறு வயது. அந்தக் காதைப் பொத்திய கையால்தான் இப்போது நூல் கோக்க முடியவில்லை என்று இவளிடம் எப்படிச் சொல்வது?

"பாப்பாவோட உதட்டுல என்ன காயம்?" என்றாள் அடுத்து. "நேத்து கேட்டேன். கீழ விழுந்துட்டேன்னு சொன்னா. சொல்லிட்டு உன்னைத் திரும்பிப் பாத்தா."

அந்த இடத்தில் என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது அது. விளையாடிவிட்டு மூச்சு வாங்க ஓடிவந்தவள், மேடைமேல் இருந்த என் எவர்சில்வர் பாட்டிலை எடுத்து வாயில் வைத்துவிட்டாள். பாய்ந்து பிடுங்கினேன். பாட்டிலின் விளிம்பு உதட்டைக் கிழித்தது. ரத்தம். குழந்தை அழவில்லை. என்னைப் பார்த்தாள், தரையில் சிந்தியதைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். சத்தம் கேட்டு அவள் அப்பா ஓடிவந்து "என்னாச்சு?" என்றபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "கீழ விழுந்துட்டேம்பா."

எட்டு வயது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

"அவ விழல" என்றேன் தங்கையிடம். "நான் குடிக்கிறேன்."

சொல்லி முடித்ததும் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. அவள் ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்துவிட்டு, "என்ன குடிக்கிற?" என்று கேட்டாள். நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் அந்த வார்த்தை அப்பாவுக்கு மட்டும் உரியதாக இருந்தது.

"அப்பா குடிச்சது. அதேதான். தினமும்."

"எவ்வளவு?"

எல்லாக் கேள்வியையும் எதிர்பார்த்திருந்தேன், இதை எதிர்பார்க்கவில்லை. பாதியாகக் குறைத்துச் சொல்ல நாக்கு எழுந்தது. "முக்கால் லிட்டர் பாட்டில் ஒண்ணு, ரெண்டு நாளைக்கு வரும்" என்று உள்ளதைச் சொன்னேன்.

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். முதுகு குலுங்கியது. கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்திருந்தேனோ என்னவோ. திரும்பியபோது முகம் கோபத்தில் சிவந்திருந்தது. "அவரைப் பாத்து வளந்தவதானே நீ? அம்மா பட்டதெல்லாம் உனக்குத் தெரியாதா?" என்றாள். தெரியும் என்றேன். "அப்புறம் எப்படிக்கா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. தெரிந்திருந்தால் போதும், குடிக்கமாட்டோம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

"சரி. எங்க வச்சிருக்க, காட்டு. எல்லாத்தையும் இப்பவே கொட்டிடலாம். இன்னையோட விட்டுடு."

"அப்படி ஒருதடவை விட்டேன்."

அதையும் சொன்னேன். போன வருடம், யாருக்கும் சொல்லாமல், ஒரே நாளில் நிறுத்தினேன். இரண்டாம் நாள் குளியலறையில் விழுந்து வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நான் படுக்கையில் இருந்ததால் என் கணவர்தான் நிரப்பினார். மதுப்பழக்கம் உண்டா என்ற வரியில், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் 'இல்லை' என்று எழுதினார். நம்பிக்கையில் எழுதினார், பாவம். மருத்துவரும் அதற்குமேல் கேட்கவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த அன்றே மறுபடி குடித்தேன். நடுக்கம் அரை மணியில் நின்றது.

தங்கையின் கோபம் இதைக் கேட்டதும் வேறு ஏதோவாக மாறியது. தெரிந்த மருத்துவர் ஒருவரைப் போனில் பிடித்தாள். அவர் கேட்கக் கேட்க என்னிடம் திருப்பிக் கேட்டாள். கடைசியாக எப்போது? நேற்று ஆறு மணிக்கு. முன்னால் வலிப்பு வந்திருக்கிறதா? வந்திருக்கிறது. கண்ணுக்கு ஏதாவது தப்பாகத் தெரிகிறதா? இல்லை. நாடியைப் பிடித்து எண்ணச் சொன்னார். நூற்றுப் பதினெட்டு.

போனை ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு மனிதரின் நிதானமான குரல், ஒரு துளி வெறுப்பும் இல்லாமல்: "வீட்டுல வச்சுப் பாக்க வேண்டாம்மா. இப்பவே கூட்டிட்டு வாங்க. தினமும் நிறையக் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா முதல் ரெண்டு நாள்ல வலிப்பு வரலாம். ஒருதடவை வந்தவங்களுக்கு மறுபடி வர்ற ஆபத்து அதிகம். மூணாவது நாள் வாக்குல சிலருக்கு நினைவே குழம்பிடும், உயிருக்கே ஆபத்தாகும். இதுக்கு மருந்து இருக்கு. நடுக்கத்தை அடக்கற மாத்திரை கொடுத்து, நாளுக்கு நாள் குறைச்சு நிறுத்துவோம். பி1 வைட்டமின் ஊசி போடுவோம். இது வைத்தியம் பாக்க வேண்டிய விஷயம். மன உறுதி இருக்கா இல்லையான்னு சோதிக்கிற பரீட்சை இல்ல."

கடைசி வாக்கியத்தில் நான் அழுதுவிட்டேன். நான்கு வருடமாக ஒவ்வொரு காலையும் அந்தப் பரீட்சைக்கு உட்கார்ந்து, பதினொரு மணிக்குத் தோற்றுக்கொண்டிருந்தவள் நான்.

"மாமாகிட்ட நான் சொல்லவா?" என்றாள் தங்கை.

"பலவீனம்னு சொல்லி அட்மிட் ஆயிடலாமா?" கேட்ட பிறகுதான் அதுவும் ஐந்தாவது காரணம் என்று உறைத்தது. "வேண்டாம். நானே சொல்றேன். நீ பக்கத்துல இரு."

போனில் சொன்னேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. அப்புறம், "எந்த ஆஸ்பத்திரி? நேரா வந்துடறேன்" என்றார். அதற்குமேல் அன்றைக்கு அவரிடம் எதுவும் கேட்கும் உரிமை எனக்கில்லை.

தங்கை பையில் துணி எடுத்து வைத்தாள். நடுவில், "எங்கெங்க இருக்கு?" என்று சாதாரணமாக, சாவி எங்கே என்பதுபோலக் கேட்டாள். சலவை இயந்திரத்துக்குப் பின்னால், தரை துடைக்கும் டப்பா, எவர்சில்வர் பாட்டில். மூன்றையும் காட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டியில் ஊற்றினாள். அந்த வாசனை எழுந்தபோது அவள் முகத்தைச் சுளித்தாள். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. அதையும் அவள் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டில் சொல்லி, பள்ளி விட்டதும் பாப்பாவை அழைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தாள். தைத்து முடித்த சட்டையை மடித்துக் கட்டிலில் வைத்தாள். ஆட்டோ வாசலில் வந்து நின்றது.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். வார் கொக்கியும் விரலுக்கு அகப்படவில்லை. அவள் குனிந்து மாட்டிவிட்டாள். உச்சி வகிட்டில் நரை ஒன்றிரண்டு தெரிந்தது. இவளுக்கு எப்போது நரைத்தது? இத்தனை நாளும் இவளைப் பார்த்தபோதெல்லாம் நான் எங்கே இருந்தேன்?

"இரு" என்றேன்.

"என்னக்கா, நேரமாச்சு."

"இன்னும் ஒரு இடம் இருக்கு. நாப்கின் பாக்கெட்டுக்குள்ள. காலி பாட்டிலுக்கு அடியில முழுசா ஒண்ணு. திரும்பி வந்தா வேணும்னு..."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். ஆட்டோக்காரரிடம் "ரெண்டு நிமிஷம்" என்று குரல் கொடுத்துவிட்டு, தன் செருப்பைக் கழற்றினாள்.

"எந்த அலமாரி?" என்று கேட்டபடி உள்ளே போனாள்.