இசக்கியம்மாளுக்கு: வாழ்த்தும் முதல் வார வேலையும்

அன்புள்ள இசக்கி,

17 வயதுக்குட்பட்ட பெண்கள் வாலிபால் அணிக்கு நீ கேப்டன் என்று இன்று காலை வழிபாட்டில் அறிவித்தபோது உன் அணிப் பிள்ளைகள் தட்டிய கைதட்டல் செங்கோட்டை ரயில் நிலையம் வரை கேட்டிருக்கும். மனமார்ந்த வாழ்த்துகள் அம்மா. அணியில் நன்றாக அடிப்பவள் நீ அல்ல என்பது உனக்கும் தெரியும். செட்டராக ஒவ்வொரு பந்துக்கும் கை கொடுக்கிறாய், தவறு செய்தவளின் முகத்தை முதலில் பார்க்கிறவளும் நீதான். அதற்காகத்தான் உன்னைத் தேர்ந்தோம்.

இந்த வாரம் புது ஆட்டமுறை எதையும் கொண்டுவராதே. அணியின் குரலைச் சரிசெய்வதே உன் முதல் வேலை. நம் பிள்ளைகளில் பாதிப் பேர் செங்கோட்டை, புளியரைப் பக்கம். மீதிப் பேர் ஆரியங்காவு, தென்மலையிலிருந்து வருகிறவர்கள், வீட்டில் மலையாளம். பந்து வந்தால் ஒருத்தி ‘எனக்கு’ என்கிறாள், ஒருத்தி ‘ஞான்’ என்கிறாள், இன்னொருத்தி ‘மைன்’ என்கிறாள். இரண்டு பேர் ஒன்றும் சொல்வதே இல்லை. அந்த இரண்டு பேருக்கு நடுவில்தான் பந்து விழுகிறது. ‘நான்’, ‘விடு’ என்ற இரண்டே சொல்லை வைத்துக்கொள். ‘நான்’ ஒரே மூச்சில் வரும், ‘ஞான்’ என்று பழகிய வாய்க்கும் அது அந்நியமில்லை. பந்து வலையைத் தாண்டும்போதே சொல்லிவிட வேண்டும். கையில் பட்ட பிறகு சொல்வது கணக்கில்லை. இரண்டு பேருக்கு நடுவே வரும் ஆழமான சர்வீஸை, போடுகிறவளுக்குக் குறுக்கே தூரத்தில் நிற்பவள் எடுக்கட்டும். பந்து அவளிடம் வந்து சேரச் சற்றுக் கூடுதல் நேரம் இருக்கும். பக்கத்தில் நிற்பவள் முன்னால் விழும் குட்டைப் பந்தைப் பார்த்துக்கொள்வாள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் 20 நிமிடம் இது மட்டும் போதும். குரல் கொடுக்காமல் எடுத்த பந்து நன்றாகப் போயிருந்தாலும் எதிரணிக்குப் புள்ளி என்று வைத்து ஆடுங்கள்.

அடுத்தது நடுவரிடம் பேசும் குரல். ஆட்டம் நடக்கும்போது கோர்ட்டுக்குள்ளிருந்து நடுவரிடம் பேசும் உரிமை கேப்டனுக்கு மட்டுமே உண்டு, அதுவும் பந்து ஆட்டத்தில் இல்லாதபோது. ‘ஏன் அவுட் கொடுத்தீங்க?’ என்று கேட்கக் கூடாது. ‘சார், எந்த விதிப்படி என்று விளக்க முடியுமா?’ என்று கேள். முதல் நடுவரின் விளக்கம் உனக்கு ஏற்பில்லை என்றால் எதிர்ப்பைப் பதிவு செய்யும் உரிமை உனக்கு உண்டு. ஆனால் அதை அந்த நொடியிலேயே அவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு ஸ்கோர் ஷீட்டில் எழுதலாம். அந்த நொடியில் வாய் திறக்காமல் இருந்துவிட்டுக் கடைசியில் கேட்டால் பதிய மாட்டார்கள். மற்ற பிள்ளைகள் நடுவரை நோக்கிக் கை நீட்டினால் நீ அவர்களுக்கும் அவருக்கும் நடுவே போய் நின்றுகொள். எச்சரிக்கையும் அட்டையும் வருவது பெரும்பாலும் அந்த நீட்டிய கையால்தான்.

உன்னை மாற்றி வெளியே எடுத்தால் உள்ளே யார் கேப்டன் என்பதை முதலிலேயே பேசி வைத்திருப்போம். டாஸ் முடிந்ததும் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போடுவதும், ஆட்டம் முடிந்து நடுவர்களுக்கு நன்றி சொல்லி மறுபடி கையெழுத்திடுவதும் உன் கடமை. வரிசைச் சீட்டில் மட்டும் பயிற்சியாளர்தான் கையெழுத்திட வேண்டும், நீ கை வைக்காதே. சட்டையில் உன் மார்பு எண்ணுக்குக் கீழே 8 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. அகலத்தில் வேறு நிறப் பட்டை வேண்டும். வியாழனுக்குள் தைத்து வாங்கிவிடு.

டாஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வென்றவள் சர்வீஸ் போடுவதா எடுப்பதா என்பதைக் கேட்கலாம், அல்லது பக்கத்தைக் கேட்கலாம். இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவு கணவாய் வழியாக வீசும் மேல்காற்று நமக்கு நன்றாகப் பழக்கம். நம் கோர்ட் வடக்கு தெற்காக இருப்பதால் காற்று குறுக்கே போகும். வடபக்கம் நின்று தெற்கே பார்த்தால் காற்று வலமிருந்து இடமாக வரும், நீ 4-ஆம் இடத்துக்கு உயரமாகத் தூக்கும் பந்து ஆன்டெனாவைத் தாண்டி வெளியே நழுவும். தென்பக்கம் நின்றால் அதே பந்து உள்ளே இழுக்கப்படும், அட்டாக்கர் இரண்டடி உள்ளே வந்து அடித்துக்கொள்ளலாம். நமக்கு இடப்பக்க அட்டாக்தான் பலம். ஆகவே காற்று நாளில் டாஸ் ஜெயித்தால் தயங்காமல் தென்பக்கத்தைக் கேள். செட் மாறி வடபக்கம் வந்ததும் பந்தைத் தாழ்வாகவும் ஒரு முழம் உள்ளேயும் கொடு. வெளியூர் கோர்ட்டில் இறங்கினால் முதலில் ஒரு பிடி மணலை உதிர்த்துக் காற்றுத் திசை பார். கிழக்கு மேற்காகக் கோர்ட் போட்டிருந்தால் காற்றோடு போடும் சர்வீஸ் நீளமாகப் போய் வெளியே விழும், காற்றுக்கு எதிரே போடுவது சட்டென்று உள்ளே இறங்கும். மூன்று செட் ஆட்டத்தில் கடைசி செட்டுக்கு மறுபடி டாஸ் உண்டு, அதில் 8 புள்ளியில் பக்கம் மாறும். இவற்றை முன்கூட்டியே நினைவில் வை.

சுழற்சி வரிசையை ஒரு நோட்டில் ஆறு கட்டமாக வரைந்து வை. நீ 2, 3, 4 ஆகிய முன்வரிசை இடங்களில் நிற்கும்போது நமக்கு முன்னால் அட்டாக்கர் இரண்டே பேர். அந்த மூன்று சுற்றிலும்தான் தொடர்ந்து புள்ளி போகிறது, யார் பின்னாலிருந்து வந்து உதவுவது என்று புதன்கிழமை எங்களோடு உட்கார்ந்து பேசு. சர்வீஸ் போட ஆள் மாறிப் போனால் புள்ளியும் சர்வீஸும் எதிரணிக்கு. சந்தேகம் வந்தால் விசிலுக்கு முன் வரிசையைச் சரிபார்க்கும்படி நடுவரிடம் நீ கேட்கலாம். விசில் அடித்துவிட்டால் 8 வினாடிக்குள் போட்டாக வேண்டும்.

சாரல் பெய்த நாளில் மண் கோர்ட்டில் குதிக்கும் பயிற்சி வேண்டாம், கணுக்கால் பிசகுவது அங்கேதான். வராந்தா சுவரில் ஆளுக்கு 50 விரல் பாஸ், 50 கை பாஸ் என்று முடித்துவிடு. விரல் மடங்கி வீங்கினால் இழுத்துச் சொடுக்கு எடுக்க யாரையும் விடாதே. ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்து, பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி எங்களிடம் அழைத்து வா. மாதவிடாய் நாளில் ஆட முடியாதவள் காரணம் சொல்லத் தேவையில்லை. உன்னிடமோ டீச்சரிடமோ ‘இன்று ஓய்வு’ என்றால் போதும். இதை முதல் நாளே எல்லார் முன்னாலும் சொல்லிவிடு.

உன்னைவிட ஒரு வகுப்பு மூத்தவள், கேப்டன் பொறுப்பை எதிர்பார்த்திருந்தவள், அணியில் இருக்கிறாள். அவளிடம் நீயாகப் போய்ப் பேசு, மற்றவர்கள் இல்லாதபோது. ‘அக்கா, பிளாக் நேரத்தை நீங்கதான் பார்த்துச் சொல்லணும்’ என்று ஒரு வேலையை அவளிடம் ஒப்படை. ஆறுதல் வார்த்தை வேண்டாம், அது அவளுக்கு இன்னும் வலிக்கும்.

வலை, ஆன்டெனா, பந்து மூன்றும் இனி உன் பொறுப்பு. வலையின் உயரத்தை நடுவில் அள. இரு பக்கக் கோடுகளின் மேலும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும், நடுவைவிட 2 செ.மீ.-க்கு மேல் கூடக் கூடாது. பந்து நனைந்தால் துடைத்து நிழலில் வை. வெயிலில் காயவைத்தால் தோல் விறைத்துவிடும்.

ஆரியங்காவுப் பிள்ளைகளின் பேருந்து மாலை எத்தனை மணிக்கு என்று இன்றே கேட்டு எழுதிக்கொள். அதற்குப் பத்து நிமிடம் முன்னால் பயிற்சி முடிய வேண்டும். நாளை மாலை 4.15-க்கு வலை அறைச் சாவி டீச்சர் மேஜையில் இருக்கும், வந்து வாங்கிக்கொள்.

அன்புடன்,
உடற்கல்வி ஆசிரியையும் வாலிபால் பயிற்சியாளரும்