திங்கள் காலை சர்க்யூட் பேப்பர்: தம்பிக்கு ஏழு நாள் பிளான்

தம்பி, நேற்று போனில் சொன்னாயே, சாயங்காலம் ஐந்து மணி முதல் ஒன்பதரை வரை கடை, புதன் வரை காலேஜ், வியாழனிலிருந்து ஸ்டடி லீவு, அடுத்த திங்கள் காலை பேப்பர் என்று. அதை வைத்துத்தான் இதைப் போட்டிருக்கிறேன். நானும் டிப்ளமோ படிக்கும்போது ஜெராக்ஸ் கடையில் நின்றவள், ராத்திரி பத்து மணிக்கு மேல் புதுக் கணக்கு மண்டையில் ஏறாது என்று எனக்குத் தெரியும். அதனால் புதுசு எல்லாம் விடியற்காலை ஐந்து முதல் ஏழு வரை. ஓமலூர் பஸ்ஸில் போக வர நாற்பது நாற்பது நிமிஷம் ஃபார்முலா. ராத்திரி அரைமணி நேரம், காலையில் போட்ட கணக்கையே நோட்டைப் பார்க்காமல் இன்னொரு தடவை. அவ்வளவுதான், பதினொன்றுக்குப் படுத்துவிடு.

டாபிக்கின் வரிசையை மட்டும் மாற்றாதே. த்ரீ ஃபேஸ் பயமாக இருக்கிறது, முதலில் அதை முடிக்கிறேன் என்று நீ சொன்னாய். வேண்டாம். டிசி கணக்கு கையில் ஓடினால் ஏசி பாதி முடிந்த மாதிரி, சிங்கிள் ஃபேஸ் வந்துவிட்டால் த்ரீ ஃபேஸில் புதிதாக வருவது ரூட் மூன்றும் இரண்டு வாட்மீட்டரும்தான்.

திங்கள்: கிர்ச்சாஃப், மெஷ்

ஓம் விதி, சீரிஸ், பேரலல் எல்லாம் அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அது உனக்குத் தெரியும். அப்புறம் நோட்டில் ஒரு சர்க்யூட் வரைந்துகொள், இந்த வாரம் முழுக்க இதுதான் உன் கூட வரப்போகிறது: 22 வோல்ட் சோர்ஸ், அதோடு சீரிஸில் 2 ஓம், அடுத்து நடுவில் 4 ஓம், அந்த 4 ஓமுக்குப் பேரலலாகக் கடைசியில் 6 ஓம். இரண்டு லூப். இரண்டிலும் கரண்ட்டைக் கடிகாரம் சுற்றும் பக்கமாகவே எடு.

6·I1 − 4·I2 = 22
−4·I1 + 10·I2 = 0

I1 = 5 A, I2 = 2 A. நடுவில் உள்ள 4 ஓமில் ஓடுவது 5 கழித்தல் 2, அதாவது 3 A. நீ போன தடவை மாடல் எக்ஸாமில் விட்டது இந்த இடத்தில்தான், இரண்டையும் கூட்டி 7 என்று எழுதியிருந்தாய். இரண்டு லூப் கரண்ட்டும் ஒரே பக்கம் சுற்றினால் நடு ரெசிஸ்டரில் ஒன்று மேலிருந்து கீழ், மற்றது கீழிருந்து மேல், அதனால் கழிக்க வேண்டும். விரலை வைத்து ஒரு தடவை சுற்றிப் பார், மறக்காது.

செவ்வாய்: நோடல், ஸ்டார்-டெல்டா

அதே சர்க்யூட், இப்போது 4 ஓமுக்கு மேலே உள்ள புள்ளியை V என்று வை.

(V − 22)/2 + V/4 + V/6 = 0

V = 12 வோல்ட். நேற்று வந்த 3 A-ஐ 4 ஓமால் பெருக்கு, அதே 12. தேர்வு ஹாலில் மெஷ்ஷில் போட்ட விடையை இப்படி நோடலில் ஒரு நிமிஷத்தில் சரிபார்த்துவிடலாம், சாரைக் கேட்க வேண்டியதில்லை.

ஸ்டார்-டெல்டா பஸ்ஸிலேயே முடியும். டெல்டாவிலிருந்து ஸ்டாருக்கு, அந்த முனையைத் தொடும் இரண்டையும் பெருக்கி மூன்றின் கூட்டலால் வகு. 6, 3, 9 என்று டெல்டா இருந்தால் ஸ்டார் 1, 1.5, 3. மூன்றும் சமமாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு.

புதன்: சூப்பர்பொசிஷன் மட்டும்

காலேஜில் கடைசி நாள், அலைச்சல் இருக்கும், அதனால் ஒன்றே ஒன்று. 6 ஓமுக்கு சீரிஸில் இன்னொரு 22 வோல்ட் சோர்ஸைச் சேர், பாசிட்டிவ் முனை V-யைப் பார்த்தபடி. முதல் சோர்ஸ் தனியாக V-யில் 12 கொடுக்கும், இரண்டாவது தனியாக 4, சேர்ந்து 16 வோல்ட். ஒரு சோர்ஸைப் பார்க்கும்போது மற்ற வோல்டேஜ் சோர்ஸை ஷார்ட் செய், கரண்ட் சோர்ஸ் என்றால் ஓபன். பவரை மட்டும் இப்படித் தனித்தனியாகக் கண்டுபிடித்துக் கூட்டக் கூடாது, முதலில் மொத்தக் கரண்ட், அப்புறம்தான் பவர்.

வியாழன்: தெவனின், நார்டன், மேக்ஸிமம் பவர்

ஸ்டடி லீவு தொடங்கிவிட்டது, காலை ஐந்து முதல் ஏழு, மறுபடி பத்து முதல் ஒன்று. இந்த வாரத்தில் முக்கியமான நாள் இதுதான். பழைய சர்க்யூட்டுக்கே திரும்பு, புதன்கிழமை சேர்த்த சோர்ஸை எடுத்துவிடு. 6 ஓமைக் கழற்றி வைத்தால் அந்த முனைகளில் Vth = 22 × 4/6 = 14.67 V. சோர்ஸை ஷார்ட் செய்தால் Rth = 2, 4 பேரலல் = 1.33 ஓம். இப்போது 6 ஓமைத் திரும்ப மாட்டு: 14.67/7.33 = 2 A. திங்கட்கிழமை வந்த அதே 2 A. இது உன் கையாலேயே வரும்போது உனக்கு ஒரு தைரியம் வரும் தம்பி, எனக்கு வந்தது.

நார்டன் கரண்ட் 14.67/1.33 = 11 A, முனைகளை ஷார்ட் செய்து பார்த்தாலும் 22/2 = 11. மேக்ஸிமம் பவருக்கு லோடு 1.33 ஓம், பவர் Vth²/(4·Rth), சுமார் 40.3 வாட். ஸ்டெப் ஒவ்வொன்றுக்கும் சர்க்யூட் படம் தனியாக வரை. படம் இல்லாமல் விடை மட்டும் எழுதி, கணக்கும் எங்கோ தவறிவிட்டால், மார்க் போட அங்கே ஒன்றும் இருக்காது.

வெள்ளி: சிங்கிள் ஃபேஸ் ஏசி

முதலில் கால்குலேட்டரை எடுத்து sin 30 அடி. 0.5 வந்தால் டிகிரி மோடு, −0.988 வந்தால் ரேடியனில் கிடக்கிறது, மாற்று.

R = 6, XL = 8, சப்ளை 230 V. Z = 10 ஓம், I = 23 A, பவர் ஃபேக்டர் 0.6 லேகிங், P = 230 × 23 × 0.6 = 3174 W. சரிபார்க்க I²R: 529 × 6 = 3174. இண்டக்டர் என்றால் லேகிங், கெபாசிட்டர் என்றால் லீடிங், இந்த வார்த்தையை எழுதாமல் விடாதே. ஆர்எம்எஸ், ஃபார்ம் ஃபேக்டர் 1.11, பீக் ஃபேக்டர் 1.414 எல்லாம் கடைக்குப் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

சனி: ரெசனன்ஸ்

கடையில் சனிக்கிழமைதான் கூட்டம், ராத்திரி படிப்பு இல்லை. காலையில் சீரிஸ் ரெசனன்ஸ்: L = 0.1 H, C = 100 µF, R = 10 ஓம். f = 1/(2π√(LC)) = 50.3 Hz, Q = 3.16, பேண்ட்விட்த் f/Q = 15.9 Hz. மைக்ரோவை 10⁻⁶ என்று போட மறந்தால் விடை எங்கேயோ போய்விடும். பேரலல் ரெசனன்ஸுக்குப் படமும் ஃபார்முலாவும் போதும்.

ஞாயிறு: த்ரீ ஃபேஸ், பழைய கேள்வித்தாள்

கடை முதலாளியிடம் இந்த ஒரு நாள் லீவை இன்றைக்கே கேட்டுவிடு, சனிக்கிழமை கேட்டால் கிடைக்காது. காலையில் ஸ்டார்: லைன் வோல்டேஜ் ஃபேஸைவிட √3 மடங்கு, கரண்ட் ஒன்றே. டெல்டாவில் தலைகீழ். இரண்டுக்கும் P = √3·VL·IL·cosφ. இரண்டு வாட்மீட்டர் முறைக்கு tanφ = √3(W1 − W2)/(W1 + W2), பவர் ஃபேக்டர் 0.5 ஆனால் ஒரு மீட்டர் பூஜ்யம் காட்டும். ஃபேசர் படத்தை மூன்று தடவை வரை.

மதியம் இரண்டு முதல் ஐந்து வரை ஒரு பழைய கேள்வித்தாள், போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நேரம் வைத்து. சாயங்காலம் அதில் தப்பானதை மட்டும் பார். பத்து மணிக்குத் தூங்கு.

ஒரு நாள் கடையில் ஆள் வராமல் உன் காலை நேரமும் போய்விட்டால், அன்றைய டாபிக்கைப் பாதியாக்கி முடித்துவிட்டு அடுத்த நாளுக்குப் போ, விட்டதைச் சேர்த்துப் பிடிக்க உட்காராதே. அப்படிக் குறைப்பதென்றால் முதலில் பேரலல் ரெசனன்ஸைக் குறை. தெவனினைத் தொடாதே.

திங்கள் காலை புதுசு எதுவும் வேண்டாம். ஹால் டிக்கெட், கால்குலேட்டர், ஸ்கேல், பென்சில் ஞாயிறு ராத்திரியே பையில் இருக்கட்டும். இட்லி சாப்பிட்டுவிட்டு ஒரு பஸ் முன்னாலேயே ஏறு. ஹாலில் உட்கார்ந்ததும் முதலில் sin 30 அடித்துப் பார்.