2025-26 கணக்கு முடிப்பு: மேல்விஷாரம் தோல் பட்டறை

மார்ச் 25க்குள் எல்லா பில்லும் டாலியில் ஏறிவிட வேண்டும். அப்புறம் நீட்டும் சில்லறைச் செலவுச் சீட்டை வாங்க மாட்டேன்.

மார்ச் 31 மாலை, லோடு போனதும் இருப்பு எடுப்பு. வெட் ப்ளூவை எண்ணிக்கையில், முடித்த தோலைச் சதுர அடியில் எழுதுங்கள். ராணிப்பேட்டைக்குக் கூலி வேலைக்குப் போன தோலும் நம் இருப்புதான். சலானைப் பார்த்துச் சேர்க்கவும். பூஞ்சை பிடித்ததைத் தனியாக அடுக்குங்கள், அதற்கு முழு விலை போட முடியாது.

ஏப்ரல் 4: வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, பாஸாகாத செக்குகளின் பட்டியலோடு.
ஏப்ரல் 11: ஜிஎஸ்டிஆர்-1.
ஏப்ரல் 14: 2பி வந்ததும் கொள்முதலோடு ஒப்பிடுதல். பில் ஏற்றாத சப்ளையரை அன்றே போனில் பிடியுங்கள்.
ஏப்ரல் 20: 3பி.
ஏப்ரல் 30: மார்ச் டிடிஎஸ் கட்டணும், ரிட்டர்ன் மே 31.

ஆடிட்டருக்கு ஜூனில் ஃபைல். தணிக்கை அறிக்கை செப்டம்பர் 30, வருமான வரி ரிட்டர்ன் அக்டோபர் 31.