புகார் மனு: 22 மாதம் கடந்தும் ஒப்படைக்காத குன்னூர் வீடு

பெறுநர்
தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமம், சென்னை

பொருள்: 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், பிரிவு 31இன் கீழ் புகார். பிரிவு 18(1)இன்படி தாமத வட்டியும் வீட்டை ஒப்படைக்க உத்தரவும் கோருதல்.

ஐயா / அம்மா,

குன்னூர் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 31 வருடம் கணக்கராக வேலை பார்த்து, 2024 மே மாதம் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பது சேர்ந்த நாளிலிருந்தே தெரியும். அதனால்தான் மூன்று வருடம் முன்கூட்டியே, பி-பிளாக்கில் 780 சதுர அடி வீடு ஒன்றை 42 லட்சம் ரூபாய்க்கு வாங்க ஒப்புக்கொண்டேன். பில்டரின் பெயரும் திட்டப் பதிவு எண்ணும் படிவம் எம்-இல் உள்ளன.

முதலில் 4,20,000 ரூபாய் கொடுத்தேன். 16.08.2021 அன்று ஒப்பந்தம் பதிவானது. அதில் 31.12.2023க்குள் வீடு ஒப்படைக்கப்படும் என்று தெளிவாக இருக்கிறது. பில்டரின் கட்டுப்பாட்டை மீறிய காரணம் இருந்தால் மட்டும் இன்னும் ஆறு மாதம். நான் ஒரு தவணைகூடத் தவறவில்லை. பி.எஃப்.பில் வீட்டுக்காக எடுத்த பணம், மனைவியின் நகை, மகனையும் சேர்த்து வாங்கிய 15 லட்சம் வங்கிக் கடன் என்று இதுவரை 37,80,000 ரூபாய், அதாவது விலையில் 90 சதவீதம் போய்விட்டது. கையெழுத்திட்ட ரசீதுகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன.

இன்று தேதி 12.11.2025. வீடு இல்லை.

கேட்கும்போதெல்லாம் ஒரு காரணம் சொல்கிறார்கள். முதலில் மழை, அப்புறம் தேர்தலுக்கு ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், அப்புறம் மறுபடி மழை. குன்னூரில் ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டும் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும், 2021இல் ஒப்புக்கொண்ட தேதியை எழுதும்போது பில்டருக்கும் தெரிந்திருக்கும். வருடா வருடம் வரும் மழையை இயற்கைப் பேரிடர் என்று சொல்லித் தேதியைத் தள்ளுவதை நான் ஏற்கவில்லை, குழுமமும் ஏற்கக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

02.11.2025 அன்று சைட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கான்கிரீட் போட்டு வெளிப்பூச்சு முடிந்திருக்கிறது, ஆனால் ஜன்னல் ஒன்றுகூட மாட்டவில்லை. அந்த வழியாக மூடுபனி உள்ளே வந்து வந்து, என் வீட்டுப் படுக்கையறைச் சுவரில் பாசி பிடித்துக் கிடக்கிறது. மின் இணைப்பு இல்லை, தண்ணீர்த் தொட்டி இல்லை. இதையெல்லாம்விட எனக்குப் பயமாக இருப்பது பி-பிளாக்கின் பின்பக்கம். கட்டடத்துக்காக வெட்டிய சரிவை அப்படியே விட்டுத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார்கள். வரைபடத்தில் காட்டியிருக்கும் தடுப்புச் சுவருக்கு அஸ்திவாரம்கூட எடுக்கவில்லை. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து எத்தனை குடும்பம் அழிந்தது என்று பார்த்தவன் நான். அந்தச் சுவர் இல்லாமல் சாவியைக் கொடுத்தாலும் அந்த வீட்டில் எங்களால் தூங்க முடியாது.

குழுமத்தின் இணையதளத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டிய விவரத்திலோ, வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று காட்டுகிறார்கள். அதில் இருக்கும் படங்கள் எல்லாமே ரோட்டிலிருந்து எடுத்த ஏ-பிளாக் படங்கள். பி-பிளாக் ஒன்றில்கூட இல்லை. நான் எடுத்த படங்களைத் தேதியுடன் வைத்திருக்கிறேன்.

கடந்த ஆகஸ்டில் ஒரு கடிதம் நீட்டினார்கள். ஒப்படைப்புத் தேதி 30.06.2026 என்று சம்மதிக்க வேண்டும், தாமதத்துக்காக எதுவும் கேட்கக்கூடாது, கையெழுத்துப் போட்டால் வேலை சீக்கிரம் நடக்கும் என்றார்கள். நான் போடவில்லை. எனக்குத் தெரிந்து மூன்று பேர் வேறு வழியில்லாமல் போட்டிருக்கிறார்கள்.

இப்போது மாதம் 9,000 ரூபாய் வாடகை வீட்டில் இருக்கிறோம். கடன் தவணை 18,600 ரூபாய் தனி. வேலை இல்லாத வயதில் இரண்டையும் சேர்த்துக் கட்டுவது எவ்வளவு பாரம் என்று நான் விளக்கத் தேவையில்லை.

நான் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. எனக்கு அந்த வீடு வேண்டும். ஆகவே நான் கட்டிய தொகைக்கு, 01.01.2024 முதல் வீடு கைக்கு வரும் நாள்வரை, தமிழ்நாடு விதிகள் சொல்லும் பாரத ஸ்டேட் வங்கியின் உச்ச எம்.சி.எல்.ஆர். விகிதத்துடன் 2 சதவீதம் சேர்த்து மாதா மாதம் வட்டி தர உத்தரவிட வேண்டும். ஆறு மாதச் சலுகை செல்லும் என்று குழுமம் கருதினால், 01.07.2024 முதலாவது தர வேண்டும். தடுப்புச் சுவர், மின்சாரம், தண்ணீர், பணி நிறைவுச் சான்று எல்லாம் முடித்து ஒப்படைக்க ஒரு தேதி குறிக்க வேண்டும். அதற்கு முன் ஒரு பொறியாளரை அனுப்பி அந்தச் சரிவைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வழக்கு முடியும்வரை பி-பிளாக்கில் என் வீட்டை வேறு யாருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று இடைக்கால உத்தரவும் வேண்டும். வாடகைக்கும் மன உளைச்சலுக்குமான இழப்பீட்டைப் படிவம் என்-இல் தனியாகக் கேட்பேன்.

பதிவான ஒப்பந்தம், ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம், பில்டருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல், ஆகஸ்ட் கடிதம், 02.11.2025 படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். இதே விஷயமாக வேறு எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போடவில்லை. மேலே சொன்னவை எல்லாம் நான் அறிந்தவரை உண்மை.

இப்படிக்கு,
மனுதாரர் (பி-பிளாக் வீடு வாங்கியவர்)
குன்னூர், 12.11.2025