இரவுப் பணி மாற்றம் குறித்து உடன்பணியாளருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை இரவுப் பணியை உங்களுக்குப் பதிலாக நான் பார்க்க முடியுமா என்று நேற்று கேட்டிருந்தீர்கள். என்னால் இயலாது. குழந்தைகளின் தாய்மார் காதில் விழும்படி வார்டில் நின்று பேசும் விஷயம் இதுவல்ல என்பதால் கடிதமாக எழுதுகிறேன். உங்கள் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இந்தப் பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்கு நான் புதிதாக வந்தபோது, ஒன்றரைக் கிலோ கூட இல்லாத குழந்தையின் கையில் நரம்பைத் தேடி வென்ஃப்ளான் போடக் கற்றுத் தந்தவர் நீங்கள்தான். அந்த நன்றி என்றும் மாறாது.

ஆடி மாதம் உங்கள் மாமியார் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, நீங்கள் கேட்பதற்கு முன்பே நான் வருகிறேன் என்று சொன்னேன். அன்று செய்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதன் பிறகு உறவினர் வீட்டு விசேஷம், தம்பியின் தேர்வு, மறுநாள் ஊருக்குக் கிளம்ப வேண்டியிருப்பது என்று காரணங்கள் மாறிக்கொண்டே வந்தாலும், உங்கள் இரவுப் பணி என் தலையில் விழுவது மட்டும் மாறவில்லை. பதிலுக்கு என் பணியை நீங்கள் பார்ப்பதாகச் சொன்ன நாள்களும் பெரும்பாலும் கைகூடவில்லை. இப்போது டியூட்டி லிஸ்டில் உங்கள் பெயர் இருந்தாலும், அன்று வரப்போவது நான்தான் என்று மற்றவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள்.

என் சிரமத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. மதியம் 1 மணிக்குப் பணிக்கு வருபவள் அப்படியே இரவுப் பணியையும் பார்த்து மறுநாள் காலை 7 மணிக்கு ஓவர் கொடுத்தால், தொடர்ந்து 18 மணி நேரம் நின்றிருக்கிறாள் என்று பொருள். 17 மணி நேரம் உறங்காமல் இருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மது கலந்தவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. நம் பிரிவில் விடியற்காலையில்தானே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பால் புகட்டுவது, சர்க்கரை அளவு பார்ப்பது, எடைக்கேற்ப ஜென்டாமைசின் கணக்கிடுவது எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன? புள்ளி ஒரு இடம் தள்ளிப்போனால் மருந்து பத்து மடங்காகிவிடும். அந்த நேரத்தில் மங்கிய கண்களோடு இன்குபேட்டர் அருகில் நிற்க நான் இனி ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்கள் நின்றாலும் எனக்கு அதே கவலைதான் இருக்கும்.

வாய்ப்பேச்சாக மாற்றிக்கொள்வதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பட்டியலில் உங்கள் பெயரும் ஓவர் நோட்டில் என் கையெழுத்தும் இருக்கும் இரவில் ஏதாவது நடந்துவிட்டால், இருவருமே பதில் சொல்ல முடியாமல் நிற்போம்.

ஆகவே இனி வழக்கமான காரணங்களுக்காக உங்கள் பணியை ஏற்க மாட்டேன். முன்கூட்டியே தெரிந்த தேவை என்றால், பட்டியல் போடுவதற்கு முன் தலைமைச் செவிலியரிடம் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். என்னோடுதான் மாற்ற வேண்டும் என்றால், எனக்குப் பதிலாக நீங்கள் வரும் நாளும் அதே தாளில் எழுதப்பட வேண்டும்.

அவசரம் என்றால் அது வேறு. வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று உடல்நலம் மோசமாகிறது, விபத்து, மரணம், குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கிறது என்றால், நள்ளிரவானாலும் தயங்காமல் அழையுங்கள். விளக்கம் கேட்க மாட்டேன். அன்று நான் முந்தைய பணியை முடித்துக் களைத்திருந்தால், வேறொருவர் வந்து சேரும் வரையாவது வார்டில் இருப்பேன். தலைமைச் செவிலியருக்குத் தகவல் சொல்வதையும் நானே செய்வேன்.

உசிலம்பட்டியிலிருந்து தினமும் பேருந்தில் வந்து, படுக்கையில் இருக்கும் மாமியாரையும் கவனிப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். சில மாதங்களுக்கு இரவுப் பணியைக் குறைத்துத் தரும்படி செவிலியர் கண்காணிப்பாளரிடம் நீங்கள் மனு கொடுத்தால், உங்கள் நிலைமை உண்மை என்று சொல்ல நானும் உடன் வருகிறேன். இந்தச் சுமையை நாம் இருவர் மட்டும் மறைவாகச் சுமப்பதை விட, நிர்வாகத்துக்குத் தெரிந்து எல்லோரும் பகிர்ந்துகொள்வதே நியாயம் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமைக்கு வேறு ஆள் பார்க்க இன்னும் நேரம் இருக்கிறது. தயவுசெய்து இன்றே தலைமைச் செவிலியரிடம் பேசிவிடுங்கள். நாளை மதியம் ஓவர் முடிந்ததும் இதைப் பற்றி நேரில் பேச விரும்பினால், நான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை,
செவிலியர், பச்சிளங்குழந்தைகள் பிரிவு