சம்பா – தாளடி நெல் பயிர்க் காப்பீட்டு முன்மொழிவு விண்ணப்பம், 2022–23

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம்
சிறப்புப் பருவம் (சம்பா / தாளடி நெல்), பசலி 1432

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம்,
பூவனக்கோட்டை, ஒரத்தநாடு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

1. விவசாயியின் விவரம்

பெயர்: இரா. தனலெட்சுமி (ஆதாரில் உள்ளபடி. "தனலட்சுமி" என்று அடிக்க வேண்டாம்)
கணவர் பெயர்: இராஜேந்திரன் (2019-இல் காலமானார்)
வயது: 52
முகவரி: 2/41, மேலத்தெரு, பூவனக்கோட்டை, ஒரத்தநாடு வட்டம்
ஆதார்: நகல் இணைப்பில். கடைசி நான்கு எண்கள் 4417
கைப்பேசி: ஆதாரோடு இணைத்த எண், கடைசி நான்கு எண்கள் 2086. என்னிடமே உள்ளது, மகனுடையது அல்ல
விவசாயி வகை: குறு விவசாயி
கடன் நிலை: நடப்புப் பருவத்தில் பயிர்க் கடன் பெறவில்லை
சாகுபடி உரிமை: ஒரு புலம் சொந்தம் (கூட்டுப் பட்டா), ஒரு புலம் குத்தகை

2. வங்கிக் கணக்கு

தஞ்சாவூர் மத்தியக் கூட்டுறவு வங்கி, ஒரத்தநாடு கிளை. சேமிப்புக் கணக்கு, என் ஒருத்தி பெயரில் மட்டும். கணக்கு எண்ணின் கடைசி நான்கு எண்கள் 0935. முழு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் பாஸ்புக் முதல் பக்க நகலில் உள்ளன. கணக்கில் ஆதார் இணைக்கப்பட்டுள்ளது.

3. நில விவரம்: முதல் புலம்

வருவாய் கிராமம்: பூவனக்கோட்டை முதல் சேத்தி
பிர்கா: ஒரத்தநாடு
பட்டா எண்: 318 (கூட்டுப் பட்டா: இராஜேந்திரன், கோவிந்தராஜ்)
புல எண்: 142/3
பட்டாவில் உள்ள மொத்தப் பரப்பு: 1.25.00 ஹெக்டேர் (3 ஏக்கர் 9 சென்ட்)
என் பங்கு: 0.62.50 ஹெக்டேர் (1 ஏக்கர் 54 சென்ட்), புலத்தின் கிழக்குப் பாதி
பயிர் உள்ள பரப்பு: 0.56.50 ஹெக்டேர் (1 ஏக்கர் 40 சென்ட்)
காப்பீடு கோரும் பரப்பு: 1 ஏக்கர் 40 சென்ட்
பாசனம்: கல்லணைக் கால்வாய் (புது ஆறு), கிளை வாய்க்கால் வழி

4. நில விவரம்: இரண்டாம் புலம்

வருவாய் கிராமம்: பூவனக்கோட்டை இரண்டாம் சேத்தி
பிர்கா: ஒரத்தநாடு
பட்டா எண்: 205
பட்டாதாரர்: ச. வைத்தியநாதன், சென்னையில் வசிப்பவர்
புல எண்: 87/1
பரப்பு: 0.40.50 ஹெக்டேர் (1 ஏக்கர்), முழுவதும் பயிர்
சாகுபடி: குத்தகை, 2018 முதல் தொடர்ந்து
காப்பீடு கோரும் பரப்பு: 1 ஏக்கர்
பாசனம்: கல்லணைக் கால்வாய். கடைமடை என்பதால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் விலைக்கு வாங்கிப் பாய்ச்சுகிறேன்

5. பயிரும் பருவமும்

முதல் புலம், சம்பா. ரகம்: சி.ஆர். 1009 சப் 1. நாற்றங்காலில் விதைத்தது 22.08.2022. நடவு 24.09.2022, ஆள் நடவு. அறுவடை தை மாத நடுவில் எதிர்பார்க்கிறேன்.

இரண்டாம் புலம், தாளடி. ரகம்: டி.கே.எம். 13. மேட்டூர் அணையை இந்த ஆண்டு மே 24-ஆம் தேதியே திறந்ததால் இதில் குறுவை போட்டு, அக்டோபர் முதல் வாரம் அறுத்தேன். தாளடிக்கு நாற்று விதைத்தது 20.09.2022, நடவு 17.10.2022. இந்த நாற்றங்காலை முதல் புலத்தின் ஓரத்தில்தான் போட்டேன். பறித்தபின் அந்த இடத்திலும் சம்பா நாற்றையே நட்டுவிட்டேன். ஆகவே அந்த இடம் தரிசு அல்ல.

இரண்டும் தனிப்பயிர். ஊடுபயிர் இல்லை.

6. காப்பீட்டுக் கட்டணம்

ஏக்கருக்கு விவசாயி பங்கு ரூ. 539 (காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்)
முதல் புலம், 1.40 ஏக்கர்: ரூ. 754.60
இரண்டாம் புலம், 1 ஏக்கர்: ரூ. 539.00
மொத்தம்: ரூ. 1,293.60

7. விளக்கக் கடிதம் (விண்ணப்பத்தின் பகுதியாகக் கொள்ளவும்)

ஐயா,

படிவத்தில் இருக்கும் கட்டத்துக்குள் எழுத முடியாத சில விஷயங்களை இங்கே எழுதுகிறேன். பதிவு செய்யும் தம்பி கணினியில் ஏற்றுவதற்கு முன் இதை ஒரு முறை படித்துவிட வேண்டுகிறேன்.

முதலாவது, கிராமத்தின் பெயர். எங்கள் ஊரைப் பேச்சில் பூவனக்கோட்டை என்றுதான் சொல்வோம். கோயிலும் ஒன்று, குளமும் ஒன்று. ஆனால் வருவாய்க் கணக்கில் இது முதல் சேத்தி, இரண்டாம் சேத்தி என்று இரண்டு கிராமம். பள்ளிக்கூடத்துக்கு மேற்கே போகும் வண்டிப்பாதைதான் எல்லை. என் வயல்களில் ஒன்று பாதைக்கு இந்தப் பக்கம், மற்றொன்று அந்தப் பக்கம். 2020–21 பருவத்தில் வேறு ஓரிடத்தில் பதிவு செய்தபோது, இரண்டு புலத்தையும் முதல் சேத்தியிலேயே ஏற்றிவிட்டார்கள். முதல் சேத்தியிலும் 87/1 என்று ஒரு புல எண் இருக்கிறது. அது வாய்க்கால் புறம்போக்கு. 2021 ஜனவரி மழையில் கதிர் சாய்ந்து முளைத்துப் போன பிறகு இரண்டாம் சேத்தியில் பக்கத்து வயல்காரர்களுக்கெல்லாம் இழப்பீடு வந்தது. எனக்கு அந்தப் புலத்துக்கு வரவில்லை. கேட்டபோது "நீங்கள் காப்பீடு செய்தது புறம்போக்கை" என்றார்கள். ரசீதில் அப்படித்தான் இருந்தது. வாங்கிய அன்று நானும் தொகையை மட்டும்தான் பார்த்தேன். அந்த வெறுப்பில் போன ஆண்டு குத்தகை வயலைப் பதிவு செய்யாமலே விட்டுவிட்டேன்.

நெல்லுக்கு இழப்பீடு கிராம வாரியாகத்தான் கணக்கிடுகிறார்கள். என் வயல் மட்டும் தண்ணீரில் நின்றால் அதற்கென்று தனியாக யாரும் வந்து பார்க்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தக் கிராமத்தில் தேர்ந்தெடுக்கும் வயல்களில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, அறுத்து, அடித்து, எடை போட்டு வரும் விளைச்சல்தான் எல்லோருக்கும் கணக்கு. அப்படியிருக்க, கிராமத்தின் பெயர் தவறினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. கணினியில் கிராமப் பட்டியலில் இரண்டு சேத்தியும் அடுத்தடுத்து வரும் என்று சொல்கிறார்கள். 142/3-க்கு முதல் சேத்தியையும், 87/1-க்கு இரண்டாம் சேத்தியையும் தேர்ந்தெடுத்து, என் முன்னால் ஒரு முறை படித்துக் காட்ட வேண்டுகிறேன். வரிசை நீளமாக இருந்தாலும் காத்திருக்கிறேன்.

இரண்டாவது, பரப்பு. பட்டா 318-இல் என் கணவரும் என் மூத்தார் கோவிந்தராஜும் சரிபாதி. பாகப் பத்திரம் எழுதவில்லை, ஆனால் நடுவரப்பு என் மாமனார் காலத்திலேயே போட்டது. மூத்தார் தம் மேற்குப் பாதியை இதே சங்கத்தில் தனியாகப் பதிவு செய்கிறார். ஒரே புல எண்ணில் இரண்டு பேர் வருவதைப் பார்த்து இரட்டைப் பதிவு என்று தள்ளிவிடாமல் இருக்க, அவருடைய ஒப்புதல் கடிதத்தையும் இணைத்துள்ளேன். அவரும் நானும் சேர்ந்து கோரும் பரப்பு பட்டாவில் உள்ள 1.25.00 ஹெக்டேரைத் தாண்டாது.

என் பங்கு 1 ஏக்கர் 54 சென்ட் என்றாலும் 1 ஏக்கர் 40 சென்ட்டுக்குத்தான் கேட்கிறேன். மீதி 14 சென்ட்டில் களமும் வைக்கோல் போரும் நாலு தென்னையும் இருக்கின்றன. "முழுசாகப் போட்டால் என்னம்மா, கூட எழுபத்தைந்து ரூபாய்தானே" என்று சிலர் சொன்னார்கள். அடங்கலில் 1.40 என்று இருக்கும்போது விண்ணப்பத்தில் 1.54 என்று போட்டால், அந்தப் பொருந்தாமையே பிறகு தள்ளுபடிக்குக் காரணமாகும். நெல் இல்லாத இடத்துக்கு நெல் காப்பீடு எனக்கு வேண்டாம்.

எங்கள் வீட்டில் இன்னும் மா கணக்கில்தான் பேசுவோம். மூன்று மா ஒரு ஏக்கர் என்று வாய்ப்பேச்சில் "ஏழே கால் மா சாகுபடி" என்று நான் சொல்லியிருந்தால் அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே எழுதியுள்ள ஹெக்டேர் கணக்கே சரி.

மூன்றாவது, பெயர். பட்டா இன்னும் என் கணவர் பெயரில் உள்ளது. வாரிசுச் சான்று வாங்கியாகிவிட்டது. பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுத்துள்ளேன், இன்னும் ஆகவில்லை. வாரிசுகள் நான், மகன், மகள் மூவர். நானே சாகுபடி செய்து நானே காப்பீடு பெறுவதில் ஆட்சேபணை இல்லை என்று பிள்ளைகள் இருவரும் கையெழுத்திட்டுள்ளார்கள். அடங்கலில் சாகுபடி செய்பவர் என்று என் பெயரே உள்ளது.

குத்தகை நிலத்துக்கு உரிமையாளரின் சம்மதக் கடிதம் தபாலில் வந்து, இணைப்பில் உள்ளது. குத்தகையை நெல்லாக, தை அறுவடையில் அளப்பதாகப் பேச்சு. விளைச்சல் போனாலும் அளந்தாக வேண்டியிருப்பதால் இழப்பீடு சாகுபடி செய்யும் என் கணக்கிற்கே வர வேண்டும் என்று அவரும் எழுதியிருக்கிறார்.

இப்படிக்கு,
இரா. தனலெட்சுமி

8. உறுதிமொழி

மேலே கூறிய புலங்களில் மேலே கூறிய பயிர்கள் இன்றைய தேதியில் நிற்கின்றன. இந்தப் பருவத்துக்கு இதே நிலங்களை வேறு வங்கியிலோ, பொதுச் சேவை மையத்திலோ நான் பதிவு செய்யவில்லை. அறுத்துப் போட்ட நெல் 14 நாட்களுக்குள் மழையில் சேதமானால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதை அறிவேன். தவறான தகவல் என்று தெரிந்தால் விண்ணப்பம் தள்ளுபடியாவதற்குச் சம்மதிக்கிறேன்.

இடம்: பூவனக்கோட்டை
நாள்: 09.11.2022
கையொப்பம்: இரா. தனலெட்சுமி

9. இணைப்புகள்

கிராம நிர்வாக அலுவலர் வழங்கிய அடங்கல், 07.11.2022 தேதியிட்டது (இரண்டு கிராமத்துக்கும் தனித்தனியாக, 2 தாள்), சிட்டா நகல் 2, ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்க நகல், வாரிசுச் சான்று நகல், வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், கோவிந்தராஜ் ஒப்புதல் கடிதம், நில உரிமையாளர் சம்மதக் கடிதம்.

10. அலுவலகப் பயன்பாட்டுக்கு

விண்ணப்பம் பெற்ற நாள்: 09.11.2022, பிற்பகல் 3.20. கடைசி நாள் 15.11.2022, காலத்துக்குள் பெறப்பட்டது.
கட்டணம் ரூ. 1,293.60 பெறப்பட்டது. புலத்துக்கு ஒன்றாக இரண்டு ரசீது வழங்கப்பட்டது.
அடங்கலோடு ஒப்பிட்டது: 142/3, முதல் சேத்தி, சம்பா, 0.56.50 ஹெக்டேர், சரி. 87/1, முதலில் முதல் சேத்தி என ஏறியது. விண்ணப்பதாரர் திரையில் பார்த்துச் சுட்டிக்காட்டியதால், சமர்ப்பிக்கும் முன்பே இரண்டாம் சேத்தி என மாற்றப்பட்டது. தாளடி, 0.40.50 ஹெக்டேர், சரி.
ரசீது இரண்டையும் விண்ணப்பதாரர் படித்துப் பார்த்துப் பெற்றுக்கொண்டார்.

செயலாளர் கையொப்பமும் சங்க முத்திரையும் இடப்பட்டன.