சார், எந்த வரியில் முதலில் தப்பு?

சார், வணக்கம். யாழினி, 12 ஆ. நாளைக்கு வகுப்பிலேயே கேட்கலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் காலையில் எங்களுக்கு இயற்பியல் செய்முறை, மதியத்துக்கு மேல் நீங்கள் இருக்க மாட்டேன் என்று சொன்னீர்கள், அதனால் எழுதியே அனுப்புகிறேன். கொஞ்சம் நீளம்தான். அவசரம் இல்லை, திங்கட்கிழமை தேர்வுக்கு முன்னால் தெரிந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கணக்கு கொடுத்தீர்களே, அதில் கடைசிக் கணக்கு:

∫₀^π dx/(1 + sin²x)

விடை π/√2 என்று நீங்களே கரும்பலகையில் எழுதிப்போட்டீர்கள். எனக்கு 0 வந்தது. வேறு வழியில் போட்டபோது π/√2 வந்துவிட்டது, அதனால் சரியான விடையைக் காட்டுங்கள் என்று கேட்க வரவில்லை. முதலில் போட்டதில் எந்த வரியில் முதன்முதலாகத் தப்பு நடந்தது என்பதுதான் வேண்டும். நான் போட்டது அப்படியே இதோ, எதையும் திருத்தவில்லை:

வரி 1: I = ∫₀^π dx/(1 + sin²x)

வரி 2: தொகுதி, பகுதி இரண்டையும் cos²x ஆல் வகுக்க, I = ∫₀^π sec²x dx/(sec²x + tan²x)

வரி 3: sec²x = 1 + tan²x என்பதால், I = ∫₀^π sec²x dx/(1 + 2tan²x)

வரி 4: t = tan x எனப் பிரதியிட, dt = sec²x dx

வரி 5: x = 0 எனில் t = 0; x = π எனில் t = 0

வரி 6: I = ∫₀^0 dt/(1 + 2t²)

வரி 7: மேல் எல்லையும் கீழ் எல்லையும் ஒன்றே, எனவே I = 0

ஏழே வரியில் முடிந்துவிட்டது என்று சந்தோஷமாகக் கோடு வேறு போட்டுவிட்டேன். அப்புறம்தான் உங்கள் விடை ஞாபகம் வந்தது.

0 வரவே முடியாது என்பது எனக்கே புரிகிறது. sin²x எப்போதும் 0 முதல் 1 வரைதான், அதனால் 1/(1 + sin²x) எப்போதும் ½ முதல் 1 வரை. வரைபடம் x அச்சுக்கு மேலேயே நிற்கிறது, கீழே இறங்கவே இல்லை, அப்படியானால் பரப்பு π/2க்குக் குறையக் கூடாது, πஐத் தாண்டவும் கூடாது. போதாததற்கு 0, π/4, π/2, 3π/4, π ஆகிய ஐந்து இடங்களில் மதிப்பு எடுத்து (1, ⅔, ½, ⅔, 1) நாலு சரிவகமாக வெட்டிக் கூட்டிப் பார்த்தேன், 2.2253 வந்தது. π/√2 என்பது 2.2214. வெறும் நாலு துண்டில் இவ்வளவு கிட்டத்தில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை சார். ஆக விடையில் சந்தேகமே இல்லை.

சண்டை வரியைப் பற்றித்தான். என் பக்கத்தில் உட்காருபவள் வரி 2தான் தப்பு என்கிறாள். x = π/2 இல் cos x = 0, பூச்சியத்தால் வகுக்கக் கூடாது என்று ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தார்களே, நீ வகுத்திருக்கிறாய் என்கிறாள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நான் வரி 4 என்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், என் யோசனையில் எங்காவது ஓட்டை இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வரி 2 இல் x = π/2 என்ற ஒரே ஒரு புள்ளியில் மட்டும்தான் சிக்கல். அந்தப் புள்ளியில் பழைய சார்பின் மதிப்பு ½. புதிய வடிவத்துக்கு அங்கே மதிப்பு இல்லைதான், ஆனால் π/2ஐ நெருங்க நெருங்க sec²x/(1 + 2tan²x) என்பதும் ½ஐத்தான் நெருங்குகிறது. வரைபடத்தில் ஒரு புள்ளியை அழித்த மாதிரிதான். ஒரு புள்ளிக்கு அகலம் கிடையாது, அதனால் பரப்பு மாறாது. சுத்தமாக எழுதவில்லை என்று நீங்கள் அரை மதிப்பெண் குறைத்தால் அது வேறு விஷயம், 2.22 என்ற பரப்பை 0 ஆக்கும் வேலையை அந்த வரி செய்திருக்க முடியாது என்பதுதான் என் வாதம்.

வரி 5 இல் எழுதிய இரண்டும் உண்மை, tan 0 = 0, tan π = 0. அவளுக்கு இரண்டாவதாக ஒரு சந்தேகமும் உண்டு, இரண்டு எல்லையும் ஒன்றாக வந்தாலே கணக்கு தப்பு என்று. அது இல்லை என்று காட்டிவிட்டேன். ∫₀^π cos x dx எடுத்து t = sin x போட்டால் அங்கேயும் எல்லை 0 முதல் 0 வரைதான், விடையும் 0, அது சரியான விடையும்கூட. அங்கே t, 0 இல் கிளம்பி 1 வரை ஏறி, வந்த வழியே இறங்கித் திரும்புகிறது, எங்கேயும் அறுபடவில்லை. ஆக எல்லைகள் ஒன்றாக வருவது மட்டும் குற்றமில்லை.

tan அப்படித் திரும்பி வருவதில்லை. அக்காவின் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன்: tan 89° = 57.29, tan 91° = −57.29. நடுவில் இரண்டே டிகிரிதான். x, 0 இலிருந்து π வரை ஒழுங்காக நடந்து போகிறது, t மட்டும் 0 இல் கிளம்பி முடிவிலிக்குப் போய், அந்தப் பக்கம் மறைந்து, கழித்தல் முடிவிலியிலிருந்து மறுபடி 0க்கு வந்து சேர்கிறது. எண்கோடு முழுவதையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்த ஆளைப் பார்த்து நீ கிளம்பவே இல்லையே என்று நான் வரி 6 இல் எழுதியிருக்கிறேன். பிரதியிடும் சார்பு அந்த இடைவெளி முழுவதும் தொடர்ச்சியாகவும் வகையிடத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன், ஆனால் அது ஏதோ சம்பிரதாயத்துக்குச் சொல்வது என்று நினைத்துவிட்டேன் சார், உண்மை.

இதைச் சோதிக்க இன்னொன்று செய்தேன், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பகுதியில் எதுவுமே இல்லாத ∫₀^π dx. விடை π, இதில் யாருக்கும் சண்டை இல்லை. இதையே 1 = sec²x/(1 + tan²x) என்று எழுதி, t = tan x போட்டால் ∫₀^0 dt/(1 + t²) = 0. அதாவது என் முறைப்படி π = 0! இங்கே கணக்கில் ஒரு சிக்கலும் இல்லாததால் பழி முழுக்கப் பிரதியிடலின் மேல்தான் விழுகிறது என்று நினைக்கிறேன். அவள் மட்டும், இதிலும் cos²x ஆல் வகுத்த மாதிரிதானே என்று இன்னும் பிடிவாதமாக இருக்கிறாள். அதற்கு என்னிடம் பதில் உண்டு, அதுதான் இரண்டாவது முறை:

sin(π − x) = sin x என்பதால்,

I = 2∫₀^(π/2) dx/(1 + sin²x)

= 2∫₀^(π/2) sec²x dx/(1 + 2tan²x)

t = tan x; x = 0 எனில் t = 0; x → π/2 எனில் t → ∞

I = 2∫₀^∞ dt/(1 + 2t²) = 2 · (1/√2) · [tan⁻¹(√2 t)]₀^∞ = √2 · π/2 = π/√2

இதிலும் அதே cos²x ஆல்தான் வகுத்திருக்கிறேன், இதிலும் π/2 இருக்கிறது, ஆனாலும் விடை சரியாக வருகிறது. வகுத்ததுதான் கெடுத்தது என்றால் இங்கேயும் கெட்டிருக்க வேண்டுமே?

ஆனால் இதை எழுதும்போதே எனக்கே ஒரு உறுத்தல் வந்துவிட்டது. tan க்கு π/2 இல் மதிப்பு இல்லை என்பது இங்கேயும் உண்மைதானே. நடுவில் இருந்தால் தப்பு, ஓரத்தில் இருந்தால் பரவாயில்லையா? π/2க்குச் சற்று முன்னால் b என்று ஒரு இடத்தில் நிறுத்தி, 0 முதல் b வரை தொகையிட்டு, அப்புறம் bஐ π/2க்கு நெருங்கவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் 0 முதல் b வரை tan x அறுபடாமல் ஏறிக்கொண்டேதான் போகிறது. தேர்வில் அந்த b எல்லாம் எழுத வேண்டுமா, அல்லது x → π/2 எனில் t → ∞ என்று அம்புக்குறி போட்டாலே போதுமா? நேற்று நான் t = ∞ என்று சமக்குறி போட்டிருந்தேன், அதை அடித்துவிட்டேன்.

இன்னொரு சின்ன விஷயம், இதற்குப் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. எல்லையை மாற்றாமல் x இலேயே வைத்துப் போட்டால் F(x) = (1/√2) tan⁻¹(√2 tan x) வருகிறது. F(0) = 0, F(π) = 0, மறுபடியும் அதே கதை. ஆனால் F ஐ வரைந்து பார்த்தால் π/2க்கு இடது பக்கம் அது π/(2√2) வரை ஏறி, அங்கிருந்து சட்டென்று −π/(2√2)க்குக் குதித்து, அப்புறம் 0க்கு வருகிறது. குதித்த உயரம் சரியாக π/√2, நம்முடைய விடையேதான்! ∫₀^π dx கணக்கிலும் tan⁻¹(tan x) குதிக்கும் உயரம் π. தற்செயலாக இருக்க முடியாது என்று தோன்றுகிறது. முதல் பாதியில் ஏறியது, இரண்டாம் பாதியில் ஏறியது இரண்டையும் கூட்டினால்தான் பரப்பு, நான் F(π) − F(0) என்று போட்டபோது நடுவில் விழுந்ததையும் சேர்த்துக் கணக்கில் எடுத்துவிட்டேன், ஏறியதெல்லாம் அந்த விழுந்ததில் போய்விட்டது. இப்படிப் புரிந்துகொண்டால் சரியா?

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான் சார்: வரி எண் ஒன்று, அதற்குக் கீழே ஒரு வரியில் காரணம். இரண்டாவது முறை சரி என்றால் ஒரு டிக். முழுக்கணக்கையும் போட்டுக் காட்டிவிடாதீர்கள், போன முறை அப்படித்தான் ஆனது, நீங்கள் போட்டதைப் பார்த்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த கணக்கில் அதே தப்பைச் செய்தேன். இது ஐந்து மதிப்பெண் கணக்காக வந்து நான் முதல் முறையை எழுதியிருந்தால் எந்த வரி வரைக்கும் மதிப்பெண் போடுவீர்கள், அதையும் சொன்னால் நல்லது.

வரி 2 என்று வந்தால் அவளுக்கு இரண்டு பஜ்ஜி வாங்கித் தர வேண்டும் சார், பந்தயம். குறிப்பேட்டை ஆசிரியர் அறையில் உங்கள் மேசை மேல், வருகைப் பதிவேட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன், பச்சை அட்டை, கடைசிக்கு முந்தின பக்கம். பென்சிலில் குறித்தாலே போதும்.

யாழினி
12 ஆ, ஜன்னல் ஓரம் மூன்றாவது பெஞ்ச்